கற்கண்டு கரையும் வேகத்தில் ஊறும் மது

மே மாதக் கடைசியில் ஜப்பானியக் கடைகளில் ஒரு பக்கம் முழுவதும் மாறிவிடும். பச்சை உமே காய்கள் ஒரு கிலோ பைகளில் வந்து குவியும். பக்கத்திலேயே சிவப்பு மூடி போட்ட நான்கு லிட்டர் கண்ணாடி ஜாடிகள், கற்கண்டுப் பொட்டலங்கள், காகிதப் பெட்டியில் அடைத்த நிறமற்ற மது. நான்கையும் ஒரே கூடையில் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்பதற்காகவே அப்படி அடுக்குகிறார்கள். மழைக்காலம் தொடங்கும் அந்தச் சில வாரங்கள்தான் உமேவின் பருவம். அது முடிந்தால் அடுத்த ஆண்டுவரை பச்சைக்காய் கிடைக்காது.

உமேவைப் பலரும் பிளம் என்று சொல்கிறார்கள். ஆனால் உறவுமுறையில் அது ஆப்ரிகாட்டுக்கு நெருக்கமானது. புளிப்பு கடுமையாக இருக்கும், பச்சையாகத் தின்ன முடியாது. தின்னவும் கூடாது, அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஜப்பானில் வகயாமா மாகாணத்தில்தான் இது அதிகம் விளைகிறது. அங்கே மினாபே ஊர்ப் பக்கத்து நான்கோ என்ற ரகத்துக்குத் தனி மதிப்பு. காயை உப்பில் ஊறவைத்தால் உமேபோஷி ஊறுகாய். மதுவில் ஊறவைத்தால் உமேஷு.

வீட்டில் மதுவைப் பழத்தோடும் மசாலாவோடும் தேயிலையோடும் ஊறவைக்கும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. அவற்றில் உமேஷுவை எடுத்துக்கொள்ளக் காரணம், இந்த வேலையில் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாமே அந்த ஒரு ஜாடிக்குள் அடங்கியிருக்கிறது. ஊறப் போடும் பொருள் தன்னோடு எவ்வளவு தண்ணீரைக் கொண்டுவருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். எவ்வளவு நாள் ஊற வேண்டும், எந்தச் செறிவுள்ள மது வேண்டும், எடுத்து வைத்தால் கெடாமல் இருக்குமா என்ற மூன்று கேள்விகளுக்கும் பெரும்பாலும் அதிலேயே விடை இருக்கிறது.

அளவு எளிது. ஒரு கிலோ பச்சை உமே, 500 முதல் 800 கிராம்வரை கற்கண்டு, 35 சதவீத ஆல்கஹால் கொண்ட மது 1.8 லிட்டர். ஜப்பானில் இதற்கென்றே விற்கும் மதுவுக்கு ‘வைட் லிக்கர்’ என்று பெயர். மணமோ சுவையோ பெரிதாக இல்லாத ஷோச்சு வகை அது. தனக்கென்று குணம் இல்லாததால் காயின் மணத்தை அப்படியே வாங்கிக்கொள்கிறது.

காய் உறுதியாக, முழுப் பச்சையாக, தழும்பில்லாமல் இருக்க வேண்டும். பழுத்து மஞ்சளான உமேவில் மணம் கூடுதல்தான், ஆனால் சீக்கிரம் குழைந்து மதுவைக் கலக்கிவிடும். நன்றாகக் கழுவி, இரண்டு முதல் நான்கு மணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்தால் பச்சைக்காயின் துவர்ப்பு கொஞ்சம் இறங்கும். பிறகு ஒவ்வொரு காயின் தலையிலும் இருக்கும் சின்னக் காம்புத் துண்டைப் பல்குச்சியால் நெம்பி எடுக்க வேண்டும். அது உள்ளேயே இருந்தால் கசப்பு இறங்கும். அந்தக் குழியில் ஈரமும் தங்கும். அதனால் காம்பை எடுத்த பிறகு காய்களை ஒவ்வொன்றாகத் துணியால் ஒற்றி எடுத்து, காற்றில் முழுவதுமாக உலரவிட வேண்டும். ஒரு கிலோவுக்கு நாற்பது காய்போல இருக்கும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் பூஞ்சை பிடித்துப்போகும் ஜாடிகள் பெரும்பாலும் இந்த இடத்தில் அவசரப்பட்டவைதான்.

ஜாடியைக் கொதிநீர் ஊற்றிச் சுத்தம் செய்யும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்தப் பெரிய கண்ணாடி ஜாடிகள் திடீர்ச் சூட்டைத் தாங்காமல் விரிசல் விடும். சோப்புப் போட்டுக் கழுவி, உலர்த்தி, அதே 35 சதவீத மதுவைச் சுத்தமான துணியில் நனைத்து உள்பக்கமும் மூடியின் உள்பக்கமும் துடைத்துவிட்டால் போதும். பிறகு ஒரு அடுக்கு காய், ஒரு அடுக்கு கற்கண்டு என்று மாற்றி மாற்றிப் போட்டு, மேலே மதுவை ஊற்றி, மூடி, தேதி எழுதி ஒட்ட வேண்டும்.

ஏன் கற்கண்டு? சாதாரணச் சர்க்கரை போட்டால் இனிக்காதா? இனிக்கும். வேறுபாடு, கரையும் வேகத்தில் இருக்கிறது. முதல் சில நாட்களில் கற்கண்டு அடியில் கட்டியாகவே கிடக்கும். மேலே இருப்பது கிட்டத்தட்ட வெறும் மது. அது காயின் தோலுக்குள் புகுந்து, தண்ணீரில் எளிதில் கரையாத மணப்பொருள்களையெல்லாம் கரைத்துக்கொள்கிறது. காய் சற்று உப்பும். பிறகு கற்கண்டு மெல்ல மெல்லக் கரைய, வெளியே இனிப்பின் அடர்த்தி ஏறுகிறது. அந்த அடர்த்தி, காய்க்குள் இருக்கும் சாற்றை வெளியே இழுக்கிறது. புளிப்பும் மணமும் ஏற்கெனவே உள்ளே புகுந்த மதுவும் சேர்ந்து வெளியே வருகின்றன. காய் சுருங்கத் தொடங்கும். வடுமாங்காய் போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உப்பு தண்ணீரை இழுக்க, வடு சுருங்கி, ஜாடியில் தானாக நீர் நிற்குமே, அங்கே உப்பு செய்வதை இங்கே கற்கண்டு செய்கிறது. தூள் சர்க்கரையைப் போட்டால் அது உடனே கரைந்து, மது உள்ளே போய் மணத்தை எடுப்பதற்கு முன்பே காயைச் சுருங்க வைத்துவிடும்.

முதல் ஒரு மாதம், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை ஜாடியை மெதுவாகச் சாய்த்துச் சுழற்ற வேண்டும். மதுவுக்கு மேலே மிதக்கும் காய்கள் காய்ந்துபோகாமல் நனைந்துகொண்டே இருப்பதற்காக. நனையாமல் காற்றில் நிற்கும் இடத்தில்தான் பூஞ்சை முதலில் வரும். காயின் பச்சை சீக்கிரமே பழுப்பாகும், அது இயல்பு. மூன்று மாதத்தில் குடிக்கலாம், ஆனால் மதுவின் காரம் தனியாகவும் புளிப்பு தனியாகவும் நாக்கில் தெரியும். ஆறு மாதத்தில் இரண்டும் இணங்கும். ஓராண்டில் நிறம் தேன்போல் ஆழமாகி, பாதாம் வாடையைப் போன்ற ஒரு மணம் எழும். அந்த மணம் கொட்டையிலிருந்து வருகிறது.

அந்தக் கொட்டையில்தான் கவனம் வேண்டும். ஆப்ரிகாட், பீச், செர்ரி, உமே ஆகியவற்றின் கொட்டைப் பருப்பில் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது. பச்சை உமேவின் சதையிலும் உண்டு. அது சிதையும்போது பாதாம் மணமும் வரும், கூடவே சயனைடும் சிறிதளவு வரும். பச்சைக்காயைத் தின்னக் கூடாது என்றது இதனால்தான். முழுக்கொட்டையோடு, மேலே சொன்ன அளவில், மாதக்கணக்கில் ஊறவைக்கும் முறை ஜப்பானில் காலகாலமாக நடப்பது. ஆனால் மணம் கூடட்டும் என்று கொட்டையை உடைத்துப் போடுவதும், பருப்பைத் தனியாக எடுத்து ஊறவைப்பதும் வேண்டாம். ஜாடியை இருட்டில் வைக்கச் சொல்வதற்கும் நிறம் மங்குவதைத் தவிர இன்னொரு காரணம் உண்டு. கொட்டையுள்ள பழ மதுக்களில் எத்தில் கார்பமேட் என்ற வேண்டாத பொருள் உருவாவதற்கு வெளிச்சம் துணைபோகிறது.

இனித் தண்ணீர்க் கணக்கைப் பார்ப்போம். 1.8 லிட்டரில் 35 சதவீதம் என்றால் ஜாடிக்குள் சுத்த ஆல்கஹால் 630 மில்லி. ஒரு கிலோ காயில் கொட்டை போக, சதையில் மட்டும் சுமார் 750 மில்லி தண்ணீர் இருக்கும். 600 கிராம் கற்கண்டு கரைந்தால் ஏறத்தாழ 370 மில்லி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் கூட்டினால் 2920 மில்லி. அதில் 630 மில்லி என்றால் கிட்டத்தட்ட 21 அல்லது 22 சதவீதம். கடையில் வாங்கியபோது 35 சதவீதமாக இருந்தது, உங்கள் கை படாமலே 22க்கு இறங்கிவிட்டது. இதையே 25 சதவீத ஷோச்சுவில் போட்டிருந்தால்? அதே கணக்கில் 15 சதவீதம்தான் மிஞ்சும்.

15க்கும் 22க்கும் இடையில்தான் பாதுகாப்பின் கோடு ஓடுகிறது. இருபதுக்கு மேல் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் வேலை செய்ய முடியாது. பதினைந்தை ஒட்டிய இடத்தில் சில வகைகள் தாக்குப்பிடிக்கும். சுற்றிலும் சர்க்கரையும் பழச்சாறும் இருக்கும்போது அவை புளிக்கத் தொடங்கலாம். புளித்தால் வாயு உண்டாகும். இறுக மூடிய கண்ணாடி ஜாடிக்குள் வாயு சேர்வது ஆபத்து.

ஜப்பானியச் சட்டமும் இந்தக் கோட்டை ஒட்டியே நிற்கிறது. அந்த நாட்டு மதுவரிச் சட்டப்படி மதுவோடு எதையாவது கலப்பதே மது தயாரிப்பாகக் கருதப்படும், அதற்கு உரிமம் வேண்டும். வீட்டு உமேஷுவுக்கு 1962இல்தான் விலக்குக் கொடுத்தார்கள். விலக்குக்கு நிபந்தனைகள் உண்டு. வரி கட்டிய மதுவாக இருக்க வேண்டும். அது 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. திராட்சையும், அரிசி முதலான தானியங்களும் போடக் கூடாது, ஏனென்றால் அவை புளித்துப் புது ஆல்கஹாலை உண்டாக்கும். வீட்டில் குடிக்க மட்டும்தான், விற்கக் கூடாது. 2007இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. தன் சமையல் நிகழ்ச்சியில் மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவில் உமே ஊறவைக்கும் முறையைக் காட்டிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டது. மிரினின் செறிவு 14 சதவீதத்தை ஒட்டியது. சட்டத்துக்கும் பொருந்தவில்லை, மேலே போட்ட கணக்குக்கும் பொருந்தவில்லை.

இந்தியாவில் கடையில் விற்கும் ஜின், வோட்கா, ரம் பெரும்பாலும் 42.8 சதவீதம். பழம் ஊறவைக்க அது தாராளமாகப் போதும். ஆனால் வீட்டில் மது வைத்துக்கொள்வதற்கும் கலப்பதற்கும் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, கனடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்களுக்கு அங்கங்கே வேறு. தொடங்கும் முன் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முத்திரையிட்ட, செறிவு அச்சிட்ட புட்டியைத் தவிர வேறு எதையும் ஊறவைக்கும் பேச்சே கூடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பழமோ மசாலாவோ போட்டு ஊறவைப்பதாலும், துணியில் வடிகட்டுவதாலும், நாள்பட வைப்பதாலும் மெத்தனால் போகாது. அதன் வாடையைப் பழமணம் மறைத்துவிடும், அவ்வளவுதான்.

தேயிலைக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. காய்ந்த இலை தன்னோடு தண்ணீரைக் கொண்டுவருவதில்லை. மதுவின் செறிவு இறங்காது, கெட்டுப்போகும் கவலையும் குறைவு. அதற்குப் பதில் நேரம்தான் இங்கே எதிரி. ஆல்கஹால் தேயிலையின் மணத்தை நிமிடங்களில் இழுத்துவிடும். நிறுத்தாவிட்டால் அடுத்துத் துவர்ப்பையும் இழுக்கும். 750 மில்லி ஜின்னுக்கோ வோட்காவுக்கோ இரண்டு மேசைக்கரண்டி நல்ல இலைத்தேயிலை போதும். நீலகிரியோ, இலங்கைத் தேயிலையோ, எர்ல் கிரேயோ எதுவானாலும் தூளாக இல்லாமல் இலையாக இருக்க வேண்டும். சூடுபடுத்தவே வேண்டாம். அரை மணியில் ஒரு துளி எடுத்துச் சுவைத்துப் பார்த்து, அதன்பின் கால்மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கறுப்புத் தேயிலை இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், பச்சைத் தேயிலைக்கு அதில் பாதி. ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று விட்டால், நாக்கின் ஓரங்கள் உலர்ந்து இழுக்கும் அளவுக்குத் துவர்ப்பு ஏறியிருக்கும். அதைப் பின்னால் வடிகட்டி எடுக்க முடியாது. அதே மது கொஞ்சம் சேர்த்து நீர்க்கச் செய்வது ஒன்றுதான் வழி.

மசாலா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கிராம்பின் மணப்பொருள் ஆல்கஹாலில் சட்டென்று இறங்கும். ஒரு புட்டிக்கு மூன்று நான்கு கிராம்பு, ஒரே நாள், அதற்கு மேல் போனால் பல்வலி மருந்தின் நெடி வந்துவிடும். லேசாக நசுக்கிய ஏலக்காய்க்கு ஒன்றிரண்டு நாள். பட்டைக்கு இரண்டு மூன்று நாள், அதற்குப் பின் மரக்கசப்பு. மிளகாய்க்கு மணிக்கணக்குதான். வேகங்கள் இவ்வளவு வேறுபடுவதால் எல்லாவற்றையும் ஒரே புட்டியில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒவ்வொன்றையும் சின்னச் சின்னப் புட்டியில் தனியாக ஊறவைத்து, அதனதன் நேரத்தில் வடித்து, பிறகு சுவை பார்த்துக் கலப்பதே நல்லது. பொடித்த மசாலா வேண்டாம், எந்த வடிகட்டியிலும் முழுசாக நிற்காது.

வடிகட்டுவதில் பெரும்பாலும் நடக்கும் கேடு, பிழிவது. பழத்தைத் துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்தால் இன்னும் கால் டம்ளர் கிடைக்கும் என்று கை துறுதுறுக்கும். கூடவே சதைத்துகளும் பெக்டினும் வரும். பெக்டின் என்பது ஜாமைக் கெட்டியாக்கும் பொருள்தான். ஆல்கஹாலில் அது மெல்லிய நூல்போலவும் கூழ்போலவும் திரண்டு மதுவைக் கலங்கலாக்கும். எனவே முதலில் எவர்சில்வர் சல்லடையில் பழத்தைத் தனியே எடுத்து, தானாக வடிய விடுங்கள். அடுத்துக் கொதிநீரில் அலசிப் பிழிந்த மல்துணியை நான்காக மடித்து ஊற்றுங்கள். அதன்பின் அவசரமில்லாமல் ஒருநாள் குளிர்சாதனப் பெட்டியில் அசையாமல் வைத்தால் நுண்துகள்கள் அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து, காபி வடிகட்டும் தாளில் ஊற்றலாம். அடியிலிருக்கும் வண்டலை முதலிலேயே தாளில் ஊற்றினால் அது அடைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சொட்டும்.

கலங்கலெல்லாம் கேடு என்று பயப்பட வேண்டியதில்லை. அன்னாசிப்பூவோ எலுமிச்சைத் தோலோ ஊறிய மதுவில் தண்ணீர் விட்டால் பால்போல வெளுக்கும். ஆல்கஹாலில் கரைந்திருந்த எண்ணெய், தண்ணீரில் நிற்க மாட்டாமல் பிரிவதால் வரும் வெண்மை அது. கேட்டின் அடையாளங்கள் வேறு. ஜாடியின் ஓரத்தில் விடாமல் ஏறும் குமிழி, திறந்தால் உஸ்ஸென்ற சத்தம், மேலே மிதக்கும் பழத்தில் பஞ்சுபோன்ற புள்ளி, புளித்த மாவின் வாடை. பூஞ்சை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாமா என்று யோசிக்காமல் முழு ஜாடியையும் கொட்டிவிட வேண்டும்.

உமேஷுவில் காயை ஓராண்டு வாக்கில் வெளியே எடுத்துவிடலாம். அதற்கு மேல் வைத்தால் குழைந்து கலங்கலாகும், கொட்டையின் கசப்பும் கூடும். காயில்லாத மது, இருபது சதவீதத்துக்கு மேலிருந்தால், இருட்டான குளிர்ந்த அலமாரியில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஸ்ட்ராபெர்ரி, அன்னாசி, தர்பூசணி போன்ற நீர்ப்பழங்கள் அப்படியில்லை. சில நாட்களிலேயே நிறமும் மணமும் மதுவில் இறங்கிவிடும், மூன்று முதல் ஐந்து நாளில் வெளுத்த பழத்தை வடித்தெடுத்துவிட வேண்டும். அவை விடும் தண்ணீர் மதுவை எவ்வளவு நீர்க்கச் செய்திருக்கிறது என்று மேலே போட்டதுபோல ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபதுக்குக் கீழே இறங்கியிருந்தால் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். தேயிலை மது செறிவு குறையாததால் கெடாது, ஆனால் மணம் மங்கும். சில வாரங்களுக்குள் பயன்படுத்தினால்தான் தேயிலை என்று தெரியும்.

பாத்திரம் கண்ணாடியாகவே இருக்கட்டும். பித்தளை, செம்பு, அலுமினியம் மூன்றும் புளிப்பான மதுவில் கரையும். அழகுக்காக வாங்கிய பழைய ஈயக் கண்ணாடிக் குப்பிகளில் நாள்பட வைத்தால் ஈயம் இறங்கும். பிளாஸ்டிக்கின் வாடை மதுவில் ஏறும். அடுப்புக்குப் பக்கத்தில் வடிகட்டாதீர்கள், 35 சதவீத மது தீயைப் பிடிக்கும். சீக்கிரம் ஊறட்டும் என்று அடுப்பில் ஏற்றுவதும் அதனால்தான் கூடாது.

உமேஷு பார்வைக்குப் பழரசம்போலத்தான் இருக்கும், குடித்தாலும் இனிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது பழரசங்களோடு குளிர்சாதனப் பெட்டியில் நிற்கக் கூடாது. புட்டியில் என்ன மது, எத்தனை சதவீதம், எந்தத் தேதியில் வடித்தது என்று எழுதி ஒட்டி, உயரத்தில் பூட்டி வையுங்கள். வெளியே எடுத்த சுருங்கிய காய்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. ஜாடியில் இருந்த மதுவின் செறிவு அந்தச் சதைக்குள்ளும் இருக்கும். ஜப்பானில் பெரியவர்கள் அதை அப்படியே தின்பார்கள், கொட்டையை எடுத்துவிட்டுச் சர்க்கரையோடு கிளறி ஜாமாகவும் செய்வார்கள். கிளறும்போது ஆல்கஹாலில் ஒரு பங்கு போகுமே தவிர, முழுவதும் போய்விடாது. பிள்ளைகளின் ரொட்டிக்கு அந்த ஜாம் வேண்டாம், வண்டி ஓட்டப் போகிறவருக்கும் அந்தக் காய் வேண்டாம்.